ஜவுளிக்கடையில் 0.96

எழுபத்தொரு வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். தி.நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருடம் மேலாளராக இருந்தவன், விற்பனைப் பெண்களின் பணி மனநிறைவை அளக்கிறேன் என்று மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் பதிந்துகொண்டேன். ஏழு வருடம் ஓடிவிட்டது. கடைசி நீட்டிப்பு ஆறு மாதம். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

ஆய்வுமுறை அத்தியாயத்தை என் நெறியாளர் நோராவிடம் நீட்டினேன். சாந்தோம்காரர், என் மகளைவிட இளையவர். கடையிலேயே அறுபது பெண்களுக்கு இரண்டு வார இடைவெளியில் ஒரே வினாத்தாளை இருமுறை கொடுத்ததில், இரு தடவை மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு 0.96 வந்தது (ஒன்று என்றால் முழுப் பொருத்தம்), ஆகவே இது மனநிறைவைச் சரியாக அளக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த 'ஆகவே'யை அவர் சிவப்பில் வட்டமிட்டார்.

"நம்பகத்தன்மை இருக்கு சார். மறுபடி கேட்டாலும் அதே பதில் வருது. ஆனா அது மனநிறைவைப் பத்தின பதில்தானான்னு 0.96 சொல்லாது. அதைச் சொல்றது ஏற்புடைமை. அதுக்கு வேற சாட்சி வேணும்."

மனநிறைவு குறைந்தவர்கள்தானே வேலையை அதிகம் விடுவார்கள்? வினாத்தாள் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விலகியவர் பட்டியலைக் கடையில் வாங்கிப் பார்த்தேன். பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் என் கணக்குப்படி ஆனந்தத்தின் உச்சியில் இருந்தவர்கள். நூற்றுக்கு நூறு வாங்கிய ஜெயஸ்ரீயை அசோக் நகரில் வேறொரு கடையில் பிடித்தேன்.

"இன்னா சார் நீ, நீ பேப்பர் குடுத்தப்போ சிதம்பரநாதன் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. வேற கடைக்குப் போறவளுக்கு அனுபவச் சான்று அவருதான் குடுக்கணும். கம்மியா போட்டா குடுப்பாரா?"

சிதம்பரநாதன் அந்த மாடியின் மேற்பார்வையாளர். அவர் இருமினால் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் பொம்மைகூட முந்தானையைச் சரிசெய்துகொள்ளும், நானே பார்த்திருக்கிறேன்.

மறுபடி தொடங்கினேன். மாம்பலம் ரயில் நிலைய நடைமேடையில், வீட்டுக்குப் போகிற வழியில், அவர்கள் பெயர் கடைக்குப் போகாது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கடையில் மிச்சமிருந்த பெண்களுக்கு அதே வினாத்தாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். ஒட்டுறவு 0.81. அழகான 0.96 போன துக்கத்தில் இரண்டு நாள் முகச்சவரம் செய்யவில்லை. யார் செத்தது என்று என் மனைவி சரோஜாதேவி கேட்டாள்.

மூன்று மாதம் காத்திருந்தேன். இந்தத் தடவை விலகியவர்களில் பெரும்பாலோர் குறைவாக மதிப்பெண் போட்டவர்கள். அத்தியாயத்தைத் திருத்தினேன்: 0.81 போதுமான நம்பகத்தன்மை. விலகலோடு பொருந்துவது ஏற்புடைமைக்கு ஒரு சாட்சி. ஆகவே நடைமேடையில் எடுத்ததையே பயன்படுத்துகிறேன். 0.96ஐ மறைக்கவில்லை. அது அளந்தது மனநிறைவை அல்ல, பயத்தை என்று ஒரு வரி சேர்த்தேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு நோரா முழுவதையும் படித்தார். கடைசி வரியில் பேனா நின்றது.

"பயம்தான்னு எப்படி சார் தெரியும்? ஒரு பொண்ணு சொன்னதை வெச்சா? அதுக்கும் சாட்சி வேணும்."

சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.