தென்னைக்குக் கட்டிய நாடா

செம்மலின் நாற்றுப்பண்ணைக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது செடியை அல்ல, செம்மலை. வாசலில் ஆளுயரப் படம். கையில் ஒரு கன்று. முகத்தில் அதைத் தானே பெற்றெடுத்த பூரிப்பு. ‘பசுமைச் செம்மல்’ பட்டத்தை அவருக்கு வழங்கிய சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

அன்று அவருடைய மைத்துனன் மனைவியோடு வந்திருந்தான். தங்கள் தோட்டத்தில் குழி வெட்டி எருவும் போட்டாயிற்று; மழை பிடிக்கும்போது மாவும் தென்னையும் நட வேண்டும். மனைவிக்கு இது இரண்டாம் நடவு. முதல் தடவை ஒரு வண்டிக்காரன் மாங்கன்றில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டை நம்பி, மல்கோவா என்று நட்டாள். ஆறு வருஷம் தண்ணீர் குடித்துவிட்டு அவை காய்த்தது வெறும் நாரும் புளிப்பும். இன்னொரு ஆறு வருஷத்தை யாருக்கும் தானம் கொடுக்க அவள் தயாராக இல்லை.

“சொந்த அத்தான் பண்ணை வச்சிருக்கும்போது வெளியில வாங்கினா, அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?” வழியெல்லாம் இதே பாட்டுத்தான் அவனுக்கு.

“அக்கா முகத்துல எப்பவாவதுதான் முழிப்பீங்க. அந்த மரத்து முகத்துல நான் தினமும் முழிக்கணும்.”

செம்மல் கைகூப்பியபடி வந்தார். “வாங்க மாப்ள. வாம்மா தங்கச்சி. இங்க நிக்கிறது செடி இல்லம்மா, வம்சம்.”

“எந்த வம்சம்ணே? தாய் மரம் எங்க இருக்கு?”

“அது வேற தோட்டத்துல. தொழில் ரகசியம்.”

கொட்டகையில் ஒரு பெண் உட்கார்ந்து கன்றுகளுக்குப் பெயர்ச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். செம்மலைக் கண்டதும் கேட்டாள்: “ஐயா, மல்கோவா சீட்டு தீந்துபோச்சு. மிச்சச் செடிக்கு அல்போன்சா போட்டுடவா?”

“வேடிக்கையாப் பேசுவா,” என்றார் செம்மல். அந்தப் பெண் முகத்தில் வேடிக்கையின் சாயல்கூட இல்லை.

மனைவி ஒரு மாங்கன்றை எடுத்து, ஒட்டுக்கட்டு என்று தண்டில் சுற்றியிருந்த நாடாவின் நுனியைத் தேடினாள்.

“அவிழ்க்காதம்மா, ஒட்டுக்கு நோவும்.”

“மேல துளிர்த்து ஒரு முழம் வளர்ந்தாச்சு, இன்னும் என்ன நோவு? விட்டா நாடாதான் தண்டை இறுக்கி அறுக்கும்.”

அவிழ்த்தாள். உள்ளே வெட்டும் இல்லை, சேர்த்த வடுவும் இல்லை. கொட்டை போட்டு முளைத்த கன்றுக்கு இடுப்பில் ஒரு கச்சை, அவ்வளவுதான். அடுத்ததை எடுத்தாள். அதில் ஒட்டு உண்மை. ஆனால் ஒட்டிய குச்சி தீக்குச்சியாகக் காய்ந்திருந்தது. ஒட்டுக்குக் கீழே அடிச்செடி கிளைத்துத் தளதளவென்று நின்றது. செத்த குச்சியில் சீட்டு மட்டும் கம்பீரமாக ஆடியது.

மூன்றாவதன் பையைக் கேட்காமலே கிழித்தாள். வேர் சுருண்டு சுருண்டு பையின் அடியில் கறுத்துக் கிடந்தது, அடைத்த சாக்கடையிலிருந்து இழுத்த முடிக்கற்றை மாதிரி. கை பட்டதும் தோல் வழுக்கிக் கழன்றது. நாற்றம் கிளம்பியது. கணவன் மூக்கைப் பொத்தினான்.

“இயற்கை உரம் மாப்ள, வாசனை இருக்கும்,” என்றார் செம்மல்.

“உரம் இப்படி நாறாதுண்ணே. இது அழுகல்.” அவள் கையைச் சேலையில் துடைக்க மனமில்லாமல் தள்ளியே பிடித்திருந்தாள்.

செம்மல் அவசரமாகத் தென்னைப் பக்கம் நடத்திச் சென்றார். வரிசையாகக் கன்றுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அதே நாடா. கணவன் குனிந்து பார்த்தான்.

“அத்தான், தென்னைக்கு எதுக்கு இது?”

“இதெல்லாம் ஒட்டுக்கட்டின தென்னை மாப்ள. புதுசு.”

“ஒத்தைக் குருத்து மரம் அத்தான். அதை வெட்டினா முடிஞ்சது கதை. எதோட எதை ஒட்டினீங்க?”

கொட்டகையிலிருந்து பதில் வந்தது: “எல்லாத்துக்கும் கட்டுன்னு சொன்னீங்களேய்யா.”

செம்மல் அசரவில்லை. “வர்றவங்க நாடாவைத்தான் பாக்கறாங்க” என்றார். உறவு முறியக்கூடாதென்று ஒரு தென்னங்கன்றை இலவசமாகத் தூக்கிக் கொடுத்தார். அக்காவை நினைத்துக் கணவன் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் அவர்கள் போன வேறொரு பண்ணையில் ஆளுயரப் படம் இல்லை. தாய் மரங்கள் கண்ணெதிரே எண்ணோடு நின்றன. சீட்டில் ரகத்தோடு அந்த எண்ணும் ஒட்டிய தேதியும் இருந்தன. பண்ணைக்காரம்மா சிடுசிடுப்பாக ஒரு பையைத் தானே கிழித்து, நுனி வெள்ளையாய் உயிரோடிருந்த வேரைக் காட்டினாள். “நல்லாப் பாத்து எடுங்க. நட்டுட்டு வந்து அழக்கூடாது.” தென்னையில் கழுத்து பருத்து, ஓலை சீக்கிரம் பிரிந்த கன்றுகளை மட்டும் வைத்திருந்தாள்; நோஞ்சான்கள் மூலையில் குப்பையாகக் கிடந்தன. மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இந்தத் தடவை கணவனும் மண்டியிட்டு ஒட்டைத் தடவிப் பார்த்தான்.

இலவசத் தென்னை துணி துவைக்கும் தண்ணீர் ஓடும் பள்ளத்தோரம் போயிற்று. நாடாவை அவிழ்க்க அவள் விடவில்லை.

மறு வருஷம் அக்காவும் செம்மலும் வந்தார்கள். தோட்டம் பச்சென்று நின்றது. செம்மல் தன் சோகைக் கன்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாங்கன்றுகளின் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் பண்ணை வாசலில் புதுப் படம் தொங்கியது: ‘நம் வாடிக்கையாளர் தோட்டத்தில் செம்மல்.’

“அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லிடவா?” என்றான் கணவன்.

அவள் ஓரமாகப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள். “என் மரம் என் மண்ணுல நிக்குது. அந்தாளை எங்க வேணா தொங்கச் சொல்லுங்க. ஆனா இனிமே தோட்டத்துக்குள்ள வந்தா, பள்ளத்தோரம் மட்டும் காட்டுங்க.”