குளித்துவிட்டுப் போட வேண்டிய மாத்திரை

விளக்கை அணைத்தால் போதும், குட்டி பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிடுவாள். அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளையாக, பொடிசாக, ஒரு நூல் துண்டு. நெளிந்தது. தையல் கம்பெனியில் வேலை செய்கிறவளுக்கு நூல் நெளியாது என்று தெரியும்.

அன்றிரவு அவளுக்கு இரண்டு பயம். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போயிருந்தது. போன தடவை எல்லோருக்கும் சொல்லி முடித்த வாரமே கலைந்துபோனது. இந்த முறை கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவளுக்கு லீவு கிடைக்காததால், காலேஜ் படிக்கும் அவள் தம்பிதான் குட்டியை டாக்டரிடம் கூட்டிப்போனான். திரும்பி வந்தவன் தளபதியாகியிருந்தான்.

"கீரிப்பூச்சிக்கா. எல்லாரும் ஒரே நாள்ல மாத்திரை போடணும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும். நகத்த ஒட்ட வெட்டணும். பெட்ஷீட்ட உதறாம சுருட்டி வெந்நீர்ல போடணும். உதறினா முட்டை பறக்குமாம்."

"எனக்கு அரிக்கலடா" என்றார் கணவர்.

"அரிக்காதவங்களுக்கும் இருக்குமாம் மாமா. பெருமைப்படாதீங்க."

மறுநாள் காலையில் எல்லோரையும் விரட்டிக் குளிக்கவைத்தான். குட்டி மென்றாள். கணவர் முகத்தைச் சுளித்தபடி மென்றார். அவள் மட்டும் மாத்திரையைக் கையிலேயே வைத்திருந்தாள். போடாவிட்டால் ஏன் என்பார்கள். குட்டிக்கு மறுபடி தொற்றிவிட்டால்? நாக்கில் வைத்தாள். ஆரஞ்சு வாசனை.

"யாராச்சும் போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாராடா?" என்று குழறலாகக் கேட்டாள்.

"சொன்னாரே. முழுகாம இருக்கறவங்க போடக்கூடாதாம். அதான் உங்க எல்லாரையும் குளிக்க அனுப்புனேன்."

அவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள். துப்பினாள். கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். மாத்திரை முழுசாகத்தான் கிடந்தது. ஓரம் மட்டும் கரைந்திருந்தது. அந்த ஓரத்தையே வெறித்தபடி நின்றாள்.

"நல்லாத்தானே குளிச்ச?" என்றான் தம்பி.

கணவர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையிலிருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

டாக்டருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்கள்.

"முழுங்கலையே? நாக்குல பட்டதுக்குப் பயப்பட வேண்டாம். இன்னைக்கே வந்து கர்ப்ப டெஸ்ட் எடுத்துக்குங்க. உங்களுக்கு இப்போ மாத்திரை கிடையாது, சுத்தம்தான் மருந்து. ஆறு வாரம், ஒரு நாள் விடாம. எழுந்ததும் குளியல், தினம் வேற உள்ளாடை, சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும்."

பயம் போய்விடவில்லை. அது இப்போது இரண்டு பேருடையதாகியிருந்தது. கணவர் பெட்ஷீட்டை, குழந்தையைத் தூக்குவதுபோல, உதறாமல் சுருட்டினார்.

தம்பி நகவெட்டியோடு அக்காவின் முன்னால் உட்கார்ந்தான். விரலைப் பிடித்தவன் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து நானும் முழுகாமத்தான்கா இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். அவசரத்துல குளிக்காமப் போயிருந்தேன், அதத்தான் சொல்றாருன்னு நெனச்சு."

"அவர் என்னடா சொன்னாரு?"

"ரொம்ப நேரம் பேசவே இல்ல."