துண்டு முழுங்கிய சத்தம்

மயிலம் பள்ளிக் கண்காட்சியில், மாணவி ஜெசிந்தா செய்த, சுவரைக் கண்டால் ஒதுங்கும் ரோபோ, ஊராட்சித் தலைவர் தென்னரசுவின் மேசையில் போய் முட்டியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதுக்குக் கண்ணு தெரியலியாம்மா?" என்று கேட்டார் தலைவர்.

"கண்ணே இல்லீங்க சார். சத்தம் அனுப்பும். எதிரொலி வர்ற நேரத்த வச்சு தூரத்தக் கணக்குப் போடும். கிட்டக்கன்னா நின்னு, எடம் இருக்கிற பக்கம் திரும்பும்."

அப்போதுதான் கவனித்தாள். மரியாதைக்குப் போர்த்திய கனத்த துண்டை அவர் மேசைமேல் போட்டிருந்தார். அது முன்பலகையை மறைத்துத் தரைவரை தொங்கியது.

"துண்டு சத்தத்த முழுங்கிடுச்சுங்க. பதில் வரல, வழி காலின்னு நெனச்சுக்கினு வந்துடுச்சு."

அவர் துண்டை எடுத்தார். மறுமுறை ரோபோ ஒரு சாண் முன்பே நின்று திரும்பியது.

"கிராமசபையில நானும் இப்படித்தாம்மா," என்றார் தென்னரசு. "யாரும் பேசலன்னா வழி காலின்னு போய்க்கினே இருக்கேன்."