ஆறு படங்கள்

புது டீச்சரின் பாடத்திட்டத்தைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வகுப்பு முழுவதற்கும் ஒரே சிறுகதை. நன்றாக வாசிப்பவர்களுக்கு, ‘அக்கா ஏன் குடையை ஒளித்துவைத்தாள்?’ என்ற கேள்வி. தடுமாறி வாசிப்பவர்களுக்கு, ஆறு படங்களை நடந்த வரிசையில் அடுக்கும் வேலை.

“அவங்களுக்கு மட்டும் விளையாட்டா?” என்றேன்.

“வந்து பாருங்கக்கா.”

துறைத் தலைவி என்ற தோரணையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கதைக்கு முன் டீச்சர் ஒரு கிழிந்த குடையை மேசையில் வைத்து, அது யாருடையது என்று ஊகிக்கச் சொன்னாள். பிறகு வாசிப்பு. முன்னும் பின்னுமாகத் தாவும் கதை அது. பாதியில் நிறுத்திக் குழுக்களிடம் வேலையைக் கொடுத்தாள்.

கெட்டிக்காரக் குழுவில் சண்டை மூண்டது. அக்காவுக்குப் பேராசை என்றான் ஒருவன், பயம் என்றாள் ஒருத்தி. டீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை.

“படக் குழுவைக் கேளுங்க.”

வருடம் முழுக்க வாயே திறக்காத பெண் நான்காவது படத்தைத் தூக்கிக் காட்டினாள். “அப்பா திட்டினது மூணாவது. ஒளிச்சது அதுக்கப்புறம். அப்போ அவ கன்னம் ஈரமா இருந்துச்சுன்னு கதையிலயே இருக்கு.”

கெட்டிக்காரர்கள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார்கள். கடைசி வேலையாக, அக்கா அப்பாவுக்கு எழுதும் கடிதத்தை எல்லாரும் கலந்து உட்கார்ந்து எழுதினார்கள்.

குறை எழுத எடுத்த பேனாவை மூடினேன். பதினெட்டு வருஷமாக நானும் தடுமாறி வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சுலபமான வேலை கொடுத்துவருகிறேன். மற்றவர்களுக்குத் தேவைப்படுகிற வேலையாக ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.