ஹைலைட்டில் விற்றுப்போன உடுப்புகள்

ஊட்டி பஜாரில் என் பொட்டிக், பெண்களுக்கான உடுப்புக் கடை, இருப்பது மாடியில். ஏறி வர நல்ல படிக்கட்டு இருக்கிறது. ஏறி வருகிறவர்கள்தான் இல்லை. கீழே என் மாமனார் முகமது யூசுப் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறார். வருகிற டூரிஸ்டுகள் அங்கேயே ஒரு குல்லாவை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் என் வியாபாரம் முழுக்க இன்ஸ்டாகிராமில்தான்.

அந்த வியாபாரமும் ஓஹோ என்று இல்லை. இந்த சீசன் முடிவதற்குள் மாடி சூடு பிடிக்காவிட்டால் அதை சாக்லேட் வியாபாரி ரொனால்டுக்கு வாடகைக்கு விட்டுவிடுவதென்று மாமா முடிவு செய்திருந்தார். ஊட்டியில் இன்னும் சாக்லேட் விற்காமல் மிச்சமிருப்பது எங்கள் மாடி மட்டும்தான் என்பது ரொனால்டின் எண்ணம். வாரம் ஒரு முறை வந்து ஜன்னலின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குறை என்னிடமும் இருந்தது. என் பக்கத்தைத் திறந்தால் மேலே வரிசையாக வட்ட வட்டமாக ஹைலைட்கள், ஒரே நாளில் மறைந்துபோகிற ஸ்டோரிகளை மறையாமல் சேர்த்து வைக்கிற இடம். 'ரம்ஜான்', 'மழை', 'நன்றி', இன்னொரு 'நன்றி', ஒரு வெறும் இதயம். துணி எங்கே என்று தேட வேண்டும். பாதிப் பேர் தேடாமலேயே "ரேட்?" என்று ஒரு சொல்லை அனுப்பிவிட்டு மாயமாகிவிடுவார்கள். என் கணவர் நௌஷாத் குன்னூரில் தேயிலை ஏல ஆபீஸில் வேலை செய்கிறார். மாதிரித் தூளைக்கூட வகை பிரித்துத்தானே வைக்கிறோம், உன் கடையில் ஏன் எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கிறது என்று கேட்டார். கோபம் வந்தது. சரி என்றும் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் கலைத்தேன். வாழ்த்து, மழை, இதயம் எல்லாம் போயின. வாங்குகிறவர்கள் கேட்கிற வரிசையில் ஐந்தே ஹைலைட்கள் வைத்தேன்: 'இப்போ இருக்கு', 'கல்யாணம்', 'தினசரி', 'அளவு', 'வழி'. பெயர் நீளமானால் வட்டத்துக்குக் கீழே பாதியில் அறுந்துவிடும், அதனால் எல்லாம் குட்டிப் பெயர். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு ஸ்டோரி. அதன் மேலேயே விலையும் அளவும் எழுதினேன். பிடித்திருந்தால் அந்த ஸ்டோரிக்கே பதில் போடலாம், எந்த உடுப்பு என்று படத்தோடு எனக்கு வந்துவிடும். நான் ஒவ்வொரு டிசைனிலும் ஒன்றே ஒன்றுதான் தைக்கிறேன். எனவே விற்றதும் ஹைலைட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

கீழே மூன்று ரீல்ஸை, குட்டி வீடியோக்களை, எப்போதும் முன்னால் நிற்கும்படி குத்தி வைத்தேன்; அதற்குப் 'பின்' செய்வது என்று பெயர். மூன்றுக்கு மேல் விட மாட்டார்கள். கடை என்ன கடை என்று ஒன்று, வீட்டிலிருந்தே அளவெடுப்பது எப்படி என்று ஒன்று, பஜாரிலிருந்து எங்கள் படிக்கட்டுக்கு வருகிற வழி ஒன்று. கடைசியாகப் பின் செய்வதுதான் முதலில் வந்து நிற்கும் என்பதால் தலைகீழாகப் பின் செய்ய வேண்டியிருந்தது. ஹைலைட்டிலும் அதே கதை. கடைசியாக எதில் ஸ்டோரி சேர்க்கிறோமோ அது முன்னால் ஓடி வந்துவிடும். 'இப்போ இருக்கு' முதலில் நிற்கும்படி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் 'கல்யாணம்' முதலில் நின்றது. சரிசெய்தேன். மறுநாள் மறுபடியும் 'கல்யாணம்'. ஏதோ கோளாறு என்று நினைத்து போனை அணைத்து அணைத்துப் போட்டேன். கோளாறு கீழ்க்கடையில் உட்கார்ந்திருந்தது.

நான் சமையலில் இருக்கும்போது வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல மாமாவின் போனிலும் என் அக்கவுண்ட் இருக்கிறது. விற்றதும் நான் ஹைலைட்டிலிருந்து எடுத்துவிட்ட உடுப்புகளை அவர் பழைய ஸ்டோரிகள் போய்ச் சேரும் ஆர்க்கைவில் கண்டுபிடித்து, தினமும் ஒன்றிரண்டாக 'கல்யாண'த்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார். விற்றதுதானே நல்ல சரக்கு, அதை மறைத்துவிட்டு விற்காததைக் காட்டுவது என்ன வியாபாரம் என்பது அவர் கேள்வி. 'விற்றுவிட்டது' என்று அதன் மேல் எழுதவாவது செய்யுங்கள் என்றேன். அதற்கும் மாட்டேன் என்றார். இத்தனை வருட வியாபாரத்தில் அவர் யாரிடமும் 'இல்லை' என்று சொன்னதில்லை. நீல ஸ்வெட்டர் கேட்டு, அது இல்லாவிட்டால் பச்சையை விரித்துப் போடுவார். கையுறை கேட்டால் "வருதுங்க, உட்காருங்க" என்பார். கையுறை வராது. வந்தவர் மஃப்ளர் வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வாரமே மேட்டுப்பாளையத்திலிருந்து மருதாம்பாள் என்ற அம்மா 'கல்யாணம்' ஹைலைட்டில் ஒரு மெரூன் வெல்வெட் அனார்கலிக்குப் பதில் போட்டிருந்தார். மகள் ராஜப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். உடுப்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அதை நான் எப்போதோ ஊட்டியிலேயே பெர்ன்ஹில் டாக்டரம்மா ஒருவருக்கு விற்றாயிற்று. என் கண்ணில் படாமலேயே மாமா பதில் போட்டிருந்தார்: "இருக்குங்க. மேல வாங்க."

சனிக்கிழமை அம்மாவும் மகளும் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே மலையேறி வந்தார்கள். வாசலில் நின்றதும் மருதாம்பாள் போனில் அந்த ஸ்டோரியைத் திறந்து நீட்டினார். 'இருக்குங்க' என்று வந்திருந்த பதிலையும் காட்டினார்; அதை நான் அப்போதுதான் பார்த்தேன். அவர்கள் பின்னாலேயே ஏறி வந்த மாமா வழக்கம்போலப் பச்சையை விரித்தார். பிறகு ஊதாவை விரித்தார். அதற்குப் பிறகு டீ சொன்னார். டீ வந்தது, அனார்கலி வரவில்லை.

"ஏனுங்க, இது இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்றார் மருதாம்பாள்.

மாமா கையிலிருந்த ஊதாவை மடித்தார். சரியாக வரவில்லை போல, பிரித்து மறுபடியும் மடித்தார்.

"இல்லைங்க," என்றார். "அது வித்துப்போச்சு. இருக்குன்னு எழுதினது நாந்தான். மருமகளுக்குத் தெரியாது."

அந்தப் பதிலைப் பார்த்ததிலிருந்து அவர் மேல் கொதித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நிமிடம் அழுகை வந்துவிட்டது. ஊரில் யாரிடமும் சொல்லாத ஒரு சொல்லை, என் பேர் கெடாமலிருக்க அவர் முதன்முதலாகச் சொல்லியிருந்தார்.

மருதாம்பாள் அப்படியெல்லாம் உருகவில்லை. இதை நேற்றே சொல்லியிருந்தால் நாங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்போம் என்றார். திட்டினார், நியாயமாகவே திட்டினார். ராஜப்ரியா மட்டும் ஓரமாக உட்கார்ந்து போனில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, 'இப்போ இருக்கு' என்று போட்டிருப்பதாவது இப்போது இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் இருக்கிறது என்றேன். அவள் மூன்றைக் காட்டினாள். மூன்றையும் அதே வரிசையில் எடுத்து வைத்தேன். அளவு ஹைலைட்டில் எழுதியிருந்தபடியே இருந்தது. போட்டுப் பார்த்து இரண்டை எடுத்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் மகள் நின்ற நேரத்தில் மருதாம்பாள் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டார். படியிறங்கும்போது, நிச்சயம் முடிந்ததும் கல்யாண உடுப்புக்கும் இங்கேதான் பார்க்க வேண்டும் என்று மகள் சொன்னதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் மாமா தன் போனை என்னிடம் நீட்டி, விற்றதை எடுப்பது எப்படி என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். எடுத்தால் எங்கே போகும் என்றார். ஆர்க்கைவுக்கு, குடோன் மாதிரி, எதுவும் தொலையாது என்றேன். அப்படியானால் சரி என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் அது யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டுக்கொண்டார். மெரூன் வெல்வெட்டில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

சாயங்காலம் ரொனால்ட் வந்தார். கையில் இந்த முறை அளவு டேப்பே இருந்தது. மாமா அவரை உட்கார வைத்தார். டீ சொல்லவில்லை.

"மாடி இல்லைங்க," என்றார். "அங்க கடை இருக்கு."