நெய் கக்கும் வரை

சாச்சி எதையோ மறைக்கிறாள் என்று ஹிஃப்ஸாவுக்குப் பட்டது.

ரோலாவில் கௌஸ் முகைதீன் கடைக்கு வாராவாரம் ஒரு தட்டு மைசூர்பாகு கிளறிக் கொடுப்பவள், வாப்பாவின் தம்பி மனைவி பத்ருன்னிசா சாச்சி. இப்போது அவர் இரண்டு தட்டு கேட்கிறார். இரண்டாவது தட்டு ஹிஃப்ஸாவுக்கு என்று சாச்சியே பேசி முடித்துவிட்டு, கற்றுக்கொடுக்க அல் குசைஸில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கே பஸ் ஏறி வந்துவிட்டாள். படிப்பு முடிந்து, இந்த அரபு ஊரில் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் ஹிஃப்ஸாவுக்குக் கைக்கு வரப்போகும் முதல் வேலை இது. இன்று சாயங்காலம் கடைக்குப் போகும் தட்டு சரியாக வந்தால்தான் அது நிற்கும்.

உம்மா காலையிலேயே அவள் காதில் ஓதிவிட்டிருந்தாள். "தன் வியாபாரத்தை எவளாச்சும் தூக்கிக் குடுப்பாளா? சொல்ற மாதிரி சொல்லி, கடைசில ஒரு இடத்துல கையை விரிப்பா. பாத்துக்க."

அதனால் ஹிஃப்ஸா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சர்க்கரைப் பாகைச் சாச்சி இரு விரலுக்கு நடுவில் இழுத்துக் காட்டினாள். ஒற்றைக் கம்பி நின்றது. சலித்த கடலைமாவைக் கட்டி தட்டாமல் தூவச் சொன்னாள். பக்கத்து அடுப்பில் கொதித்த நெய்யை ஒரு கரண்டி விட்டதும் மாவு சீறிப் பொங்கியது, குடித்தது, அடங்கியது. மறுபடி ஒரு கரண்டி. பச்சை மாவு வாசம் போனது. மஞ்சள் வெளுத்து, உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை விழுந்தது. மாவு வாணலியின் ஓரத்தை விட்டுப் பிரிந்து ஒன்றாகச் சுழல ஆரம்பித்தது.

"ஓரத்துல முத்து முத்தா நெய் தெரியுதா? எறக்கு புள்ள."

ஹிஃப்ஸாவின் கை நின்றது. ரோலாவில் சாச்சி வீட்டில் நின்று பார்த்திருக்கிறாள். அங்கே நெய் முத்தாகத் தெரிந்தபோது சாச்சி இறக்கவில்லை. மாவு நெய்யைக் கக்கி, சுற்றிலும் குளம் போல் நிற்கும்வரை கிளறினாள். பிறகு அடுப்பை அணைத்து, ஆற அமரத் தட்டை எடுத்து வந்து கொட்டினாள். இங்கே மட்டும் ஏன் அவசரம்? முன்னாலேயே இறக்கினால் அல்வா மாதிரி ஒட்டும். கௌஸ் மாமா ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"ஹிஃப்ஸா! எறக்குங்கிறேன்ல."

"இதோ சாச்சி" என்றாள். கிளறிக்கொண்டே இருந்தாள். நெய் குளம் கட்டியது. அடுப்பை அணைத்தாள். திரும்பி, மேடையின் மறுபக்கம் இருந்த தட்டை எடுத்தாள்.

சாச்சி வாணலியை நோக்கிப் பாய்ந்தாள். அதற்குள் மாவு நிறம் மாறிவிட்டிருந்தது. குமிழ்கள் அமுங்கின. தட்டில் விழுந்தது பாறையிலிருந்து உதிரும் மண் போல இருந்தது. கத்தி வைத்ததும் பொடிப்பொடியாகப் போனது.

"ஒங்க வீட்டுல நெய் கக்குற வரைக்கும் விட்டீங்களே, சாச்சி! என்னைய மட்டும் ஏன் முன்னாலயே எறக்கச் சொன்னீங்க?"

அணைத்த அடுப்புக்கு மேலே ஹிஃப்ஸாவின் உள்ளங்கையைச் சாச்சி பிடித்து நீட்டினாள். அனல் அடித்தது. ஹிஃப்ஸா கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு அங்க கேஸ். திருகுனா கலாஸ், தீ செத்துப்போச்சு. இது கரண்ட் அடுப்பு. நீ அணைச்சாலும் இது அணையாது. கனமான வாணலி வேற. கடைசி நேரத்துல நிதானமா நிக்க இது விடாதுன்னுதான் முத்துலயே எறக்கச் சொன்னேன்." சாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ஒன்னைக் கவுத்துப்புடுவேன்னு நெனச்சியா?"

ஹிஃப்ஸா தரையைப் பார்த்தாள்.

"இல்ல, ஒங்க உம்மா நெனச்சாளா?"

கதவோரம் நின்ற உம்மா அவசரமாக ஹாலுக்குப் போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"ரெண்டு தட்டுன்னு வாக்குக் குடுத்தவ நான்டி. ஒன்னு கொறஞ்சா அவர் வேற ஆளப் பாப்பார். எனக்கும் சேத்துத்தான் போகும்" என்றாள் சாச்சி. மிச்சமிருந்த நெய்யை அடுப்பில் வைத்தாள். "இன்னொரு தட்டுக்கு இது காணும். யல்லா, நீயே கிளறு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தொறக்கவும் இல்லை. பாகு, மாவு, கரண்டி கரண்டியாக நெய். எதிரே சாச்சி சுவரில் சாய்ந்து, ஒரு சாடையும் காட்டாமல் நின்றாள். இம்முறை ஹிஃப்ஸா தட்டில் நெய் தடவி வாணலியை ஒட்டி வைத்திருந்தாள். மாவு ஓரம் விட்டுச் சுழன்றது. ஓரத்தில் ஒரு முத்து, பக்கத்தில் இன்னொன்று. அவள் சாச்சியைப் பார்க்கவில்லை. வாணலியைத் தூக்கிக் கவிழ்த்தாள். தட்டில் விழுந்தபிறகும் அது புஸ்ஸென்று பொங்கியது. மேலே சிறு சிறு ஓட்டைகள் திறந்தன. மெல்ல, எல்லா ஓரத்திலும் நெய் கசிந்து வந்தது.

சூடு தணியுமுன் கீறிப் போட்டார்கள். துண்டு உடையாமல் வந்தது. சாச்சி ஒன்றை வாயில் போட்டாள்.

"சரியா இருக்கு புள்ள."

ஹிஃப்ஸா தலையாட்டினாள். பிறகு நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சாச்சி பார்க்கப் பார்க்கவே ஜன்னல் வெளிச்சத்தில் உடைத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று தானே பார்த்தாள்.