ஆறு மணிக்குள் ஒரு பதில்

ஊரில் பாதிப் பேரின் பல்லுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள் அவள். பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடம். அப்படிப்பட்டவளே திங்கட்கிழமை குடும்ப வாட்ஸப் குழுவில், "அப்பாவோட டாக்டர் நம்ம எல்லாரோடயும் பேசணுமாம். எப்ப யாருக்கு ஃப்ரீ?" என்று போட்டாள். பதற்றத்தில் செய்த தப்பு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இருபது நாள். வலது கால் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அதற்குள் அவர் எங்கே இருப்பது என்று முடிவாக வேண்டும்: தன் வீட்டில் ஆள் வைத்தா, பெரியண்ணன் வீட்டிலா, முதியோர் இல்லத்திலா.

கேள்விக்கு நாற்பத்து மூன்று பதில் வந்தது. கட்டட வேலை எடுத்துச் செய்யும் பெரியண்ணன், "எனக்கு எப்பன்னாலும் சரி, காலையில மட்டும் வேணாம்" என்றான். பஸ் ஓட்டும் சின்னண்ணன் டூட்டி சீட்டைப் படம் எடுத்துப் போட்டான்; தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டீச்சர் அக்கா செவ்வாய் என்றாள். அதை மற்றவர்கள் பார்ப்பதற்குள் அந்தச் செவ்வாயைப் பரீட்சை வேலை தின்றுவிட்டது.

இது வேலைக்காகாது என்று, மறுநாள் முதலில் ஆஸ்பத்திரி டாக்டரிடமே ஓடினாள். பிடிக்கக் கஷ்டமான ஆளை முதலில் பிடி என்பது அவள் தொழில் பாடம். டாக்டர் டைரியைப் புரட்டி மூன்றே நேரம் கொடுத்தார். அதைக் குழுவில் போட்டாள்:

"ஒண்ணு, வியாழன் காலை 11. ரெண்டு, வெள்ளி மாலை 4. மூணு, வெள்ளி 6. முடிஞ்சது எல்லாத்தையும் சொல்லுங்க. புதன் சாயங்காலம் 6 மணிக்குள்ள பதில். அதுவரைக்கும் மூணையும் வேற வேலைக்குக் குடுக்காதீங்க. பதில் சொல்லாதவங்க, முடிவாகுற நேரத்துக்கு ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவேன். வர முடியாதவங்க ஃபோன்ல பேசலாம்."

"அடேங்கப்பா, கலெக்டர் ஆர்டர்!" என்றான் சின்னண்ணன். கிண்டல் பண்ணினாலும் முதல் பதில் அவனுடையதுதான். மூன்றும் சரியாம். அக்காவும் மூன்றும் என்றாள்.

பெரியண்ணன்தான் மூச்சு விடவில்லை. புதன்கிழமை முழுக்க அவள் இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள், உடனே நிமிர்த்துவாள். பல் பிடுங்க வந்தவரைப் பல் கட்டுபவருக்கான நாற்காலியில் உட்கார வைத்து பல் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாலரைக்கு அவனே கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமே, பாப்பா?"

"சனிக்கிழமையே அனுப்பிடுறாங்கண்ணா. மூணுல ஒண்ணு சொல்லு."

"சரி சரி, வெள்ளி நாலு. வியாழன் கான்கிரீட் போடுறோம், நான் நகர முடியாது."

எல்லாருக்கும் பொதுவாக வெள்ளி நாலு. அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஆறு அடித்ததும் அறிவித்துவிடலாம் என்று பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அன்று அதிசயமாக அப்பா விழித்திருந்தார். வழக்கமாக அவள் வரும் நேரத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார். அண்ணன்களும் அக்காவும் அவர் தலைமாட்டில் நின்றே அவர் விஷயத்தைப் பேசுவார்கள்.

"இன்னிக்கு ஸ்கேன் எடுத்தாங்க, மாத்திரை தள்ளிப்போச்சு," என்றார். நாக்கு இன்னும் குழறியது. "ஃபோனையே பாக்குறியே, என்ன?"

சந்தோஷமாகச் சொன்னாள். மூன்று நேரம், கெடு, யார் யார் என்ன சொன்னார்கள், எல்லாம். அப்பா இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மூணு மணிக்கு மாத்திரை போடுவாங்க. நாலு மணிக்கு நான் செத்த பொணம் மாதிரி தூங்குவேன். எந்திரிக்க எட்டாகும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்னை எங்க வைக்கிறதுன்னுதானே கூட்டம்? என்கிட்ட யாரும் நேரம் கேக்கலியே."

அவளுக்கு முகம் எரிந்தது. டாக்டர், அண்ணன்கள், அக்கா என்று ஒருவரையும் விடாமல் பட்டியல் போட்டவள்தான். படுத்திருப்பவரை மட்டும் அதில் சேர்க்கவே இல்லை.

"எல்லாரும் சொல்லிட்டாங்கப்பா," என்றாள் மெதுவாக.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி என்ன?"

"அஞ்சு அம்பது."

"கெடு ஆறுதானே? எழுதிக்கோ. வியாழன் பதினொண்ணு."

அவள் எழுதினாள். "அப்பாவோட பதில் கெடுவுக்குள்ள வந்துடுச்சு. அவர் முழிச்சிருக்குற நேரம் அது ஒண்ணுதான். அதனால நாளைக்கு காலை 11. பெரியண்ணன் ஃபோன்ல பேசட்டும்."

அனுப்பிய கையோடு பெரியண்ணன் கூப்பிட்டுவிட்டான். "என்ன பாப்பா, நான்தான் வியாழன் முடியாதுன்னு..."

அவள் ஃபோனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"நீ இல்லாமலும் கூட்டம் நடக்கும்டா," என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "நான் இல்லாம நடத்தாதீங்க."

 அந்தப் பக்கம் பெரியண்ணனின் குரல் இறங்கியது: "பதினொண்ணுக்கா? மேஸ்திரிகிட்ட விட்டுட்டு வரேன்ப்பா."